எட்டு வேற்றுமை அட்டவணையைக் கொஞ்சம் ஓரமாக வைப்போம்

வாரக்கடைசித் தமிழ்ப் பள்ளிகளில் இலக்கணப் பாடம் என்றாலே வேற்றுமை அட்டவணைதான். முதல் வேற்றுமைக்கு உருபு இல்லை, இரண்டாவது ஐ, மூன்றாவது ஆல் என்று விளி வரை எட்டையும் ஒரே சனிக்கிழமையில் எழுதிப் போட்டுவிடுகிறோம். பிள்ளைகளும் சமர்த்தாக மனப்பாடம் செய்து, 'ஏழாம் வேற்றுமை உருபு கண்' என்று எழுதி மதிப்பெண் வாங்குகிறார்கள். அப்புறம் இடைவேளையில் வெளியே போய் "பந்து மரம்ல மாட்டிக்கிச்சு" என்கிறார்கள்.

நான் டொராண்டோவில் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். என் அனுபவத்தில் உருபு அவர்களுக்குச் சிக்கலே இல்லை. 'ல' போட வேண்டும், 'க்கு' போட வேண்டும் என்பது வீட்டில் கேட்டே வந்துவிட்டது. இடறுவது அதற்கு முந்தின இடத்தில்: மரம் 'மரத்து' ஆவதும், வீடு 'வீட்டு' ஆவதும். இதற்குக் காரணம் அவர்கள் வீட்டில் புழங்கும் சொற்கள் என்று நினைக்கிறேன். ஸ்கூலுக்கு, கார்ல, பஸ்ல, ஃபோனை. இவை எதிலும் சொல் உருமாறுவதில்லை, உருபை அப்படியே ஒட்டினால் போதும். அதையே விதியாகப் பிடித்துக்கொண்ட பிள்ளை 'மரம்ல', 'பணம்க்கு' என்கிறது. தவறுதான், ஆனால் காரணத்தோடு வரும் தவறு. அட்டவணையிலோ இதற்கென்று ஒரு வரிசையே கிடையாது.

அதனால் என் பாடத்திட்டத்தில் 'மரத்து', 'வீட்டு' என்று உருபை ஏற்கும் அடிச்சொல்தான் முதலில். நாற்பது நிமிடம், மூன்றே குடும்பங்கள். 'ம்'மில் முடியும் மரம், படம், பழம். 'டு'வில் முடியும் வீடு, நாடு, மாடு. 'று'வில் முடியும் ஆறு, சோறு, வயிறு. படத்தைக் காட்டி 'பூனை எங்கே?' என்று கேட்டால் 'வீட்டுல' என்று யாராவது ஒருவர் சரியாகச் சொல்லிவிடுவார்கள். உடனே பலகையில் 'வீட்டு' என்று மட்டும் எழுதி நிறுத்திவிடுவேன். பக்கத்தில் ஐ, ஆல், கு, இல் என்று நான்கு அட்டைகள். வீட்டை, வீட்டால், வீட்டுக்கு, வீட்டில். ஓர் அடிச்சொல் பிடிபட்டால் மற்ற நான்கும் கூடவே வந்துவிடுகின்றன. புத்தகத்தில் 'வீட்டிற்கு' என்று பார்த்துவிட்டு வரும் பிள்ளையிடம் அதுவும் சரி என்று சொல்வதோடு விட்டுவிடுவேன். சாரியை என்ற பேச்சை அன்று எடுப்பதில்லை. வல்லினம் மிகும் இடங்களையும் அன்று திருத்துவதில்லை.

இதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. என் வகுப்பில் பாதிப் பேர் யாழ்ப்பாணத்து வீடுகளிலிருந்து வருகிறவர்கள். அவர்கள் வீட்டில் "வீட்டை போறன்" என்பார்கள், மற்றவர்கள் "வீட்டுக்குப் போறேன்" என்பார்கள். அட்டவணையை முதலில் வைத்தால் முதல் கூட்டத்தின் பேச்சு தவறாகத் தெரியும். அடிச்சொல்லை வைத்துப் பார்த்தால் இரண்டு பேருக்கும் ஒரே 'வீட்டு'தான்.

விதி எங்கே நிற்கிறது என்பதையும் அதே வகுப்பில் காட்டிவிட வேண்டும். வண்டு, நண்டு, பாட்டு எல்லாம் 'டு'வில் முடிந்தாலும் இரட்டிப்பதில்லை. அதற்கு முன்னால் ஏற்கெனவே ஒரு மெய்யெழுத்து உட்கார்ந்திருக்கிறது. இந்தக் காரணத்தைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள், அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். ரோடு ஆங்கிலச் சொல்லானாலும் 'ரோட்டில்' ஆகிவிட்டது என்றால் அவர்களுக்கு ஒரே சிரிப்பு. ஆற்றில் மீன் இருக்கும், ஆனால் கணக்கில் ஆறை மூன்றால் வகுப்போம். இரண்டும் 'ஆறு'தானே என்று கேட்கிற பிள்ளைக்கு அன்றைக்கு என் கையால் ஒரு சாக்லேட் உண்டு.

புரிந்ததா என்று பார்க்கத் தெரிந்த சொற்கள் உதவாது, காதில் கேட்டதைத் திருப்பிச் சொல்லிவிடுவார்கள். அதனால் இல்லாத சொல்லைக் கொடுப்பேன். ஒரு விசித்திரமான பிராணியை வரைந்து, இதன் பெயர் 'டோலம்', இதற்குப் பசிக்கிறது, எதற்குச் சாப்பாடு கொடுப்பாய் என்று கேட்பேன். 'டோலத்துக்கு' என்று வந்தால் விதி உள்ளே இறங்கிவிட்டது. 'டோலம்க்கு' என்றால் அடுத்த வாரமும் அதே பாடம்தான்.

"அரை வருஷம் ஆச்சு, இன்னும் நாலு வேற்றுமைகூட முடியலையே?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பேச்சில் நாமே 'கண்' உருபைத் தொடுவதில்லை. 'ஊரின்கண்' என்று எந்த அப்பா ஃபோனில் பேசுகிறார்? வாக்கியத்தில் நான்கு உருபும் தடுமாறாமல் வந்தபிறகு, பன்னிரண்டு வயதில் அட்டவணையைக் காட்டினால் ஒரே வகுப்பில் முடிந்துவிடும்.

இந்த முறையிலும் ஒரு பக்கவிளைவு உண்டு. 'த்து' பிடிபட்ட வேகத்தில் சில பிள்ளைகள் பன்மைக்கும் அதைப் போட்டு 'மரத்துகள்' என்று எழுதத் தொடங்குகிறார்கள். அதற்காகவே அடுத்த சனிக்கிழமைக்கு 'மரங்கள்' பாடத்தை வைத்திருக்கிறேன். மரங்களை, மரங்களுக்கு, மரங்களில். அதே நான்கு அட்டைகள் போதும்.