மல்லாந்து நீந்தும் பேக்ஸ்ட்ரோக் நீச்சலில் குப்புறப் புரள்வது தவறா?

“பேக்ஸ்ட்ரோக்கில் திரும்பும்போது குப்புறப் புரண்டாலே டிஸ்குவாலிஃபைதான். என் மகளுக்கு அப்படித்தான் ஆனது.”

இல்லைங்க, சுவரில் திரும்பும்போது புரளலாம். பள்ளிப் போட்டிகளில் திருப்ப நடுவராக நின்றிருக்கிறேன். புரண்டதும் நிறுத்தாமல் ஒரே ஒரு கைவீச்சு, உடனே குட்டிக்கரணம், காலால் சுவரைத் தொடுவது, மல்லாந்த நிலையில் சுவரை விட்டுக் கிளம்புவது. இவ்வளவும் விதிப்படி சரி.

தவறு பெரும்பாலும் சீக்கிரம் புரள்வதால் வருகிறது. சுவருக்கு 5 மீட்டர் முன்னால் மேலே கொடி கட்டியிருக்கும். அதைப் பார்த்ததுமே குழந்தை புரண்டுவிடும். சுவர் இன்னும் எட்டாது. கையை நீட்டியபடி சற்று மிதக்கும், அல்லது இன்னொரு கை போடும். அங்கேதான் நடுவரின் கை உயரும். கொடியிலிருந்து சுவர் வரை தனக்கு எத்தனை கைவீச்சு ஆகிறது என்று பயிற்சியில் எண்ணிப் பழகினால் இது சரியாகிவிடும்.

ஆனால் பந்தயத்தை முடிக்கும்போது புரளக் கூடாது, மல்லாந்தே சுவரைத் தொட வேண்டும். உங்கள் மகளுக்கு எங்கே ஆனது, திருப்பத்திலா, முடிவிலா? கேலரியிலிருந்து பார்த்துச் சொல்வது கஷ்டம். நடுவர் எழுதிய சீட்டில் காரணம் இருக்கும், பயிற்சியாளரிடம் கேளுங்கள்.

சுவரை ஒரு கையால் மட்டும் தொட்டதற்காக டிஸ்குவாலிஃபை ஆவது வேறு விஷயம். இரு கையாலும் ஒரே நேரத்தில் தொட வேண்டியது பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கிலும் பட்டர்ஃபிளையிலும்தான்.