மேலதிகாரியைப் புரிந்துகொள்வது ஜால்ரா இல்லை

சனிக்கிழமை ராத்திரி நம்ம ஆபீஸ் குரூப்பில் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. என்னைப் புது மேனேஜருக்குச் சொம்பு தூக்குகிறவன் என்று கேலி செய்து அந்தச் சொம்புப் படத்தைப் போட்டது யார், அதற்குக் கீழே சிரித்தவர்கள் யார் யார் என்று எல்லோருக்கும் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன். ஆனால் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நான் செய்த குற்றம் இதுதான். புது மேனேஜர் மேடத்துக்கு தினமும் நாலு மணிக்கு, எந்தப் பெட்டி எங்கே நிற்கிறது என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்புகிறேன். அதற்குப் பெயர் ஜால்ராவாம். இல்லை. வந்திருக்கிற மேலதிகாரி எப்படி வேலை செய்கிறார் என்று சீக்கிரம் தெரிந்துகொண்டு, அவருக்குத் தேவையானதை அவருக்குத் தேவையான நேரத்தில் சொல்வது என் வேலையில் ஒரு பகுதி. ஏற்றுமதிச் சரக்குக்கு ஷிப்பிங் பில் போடுவது எப்படி வேலையோ, அப்படி இதுவும் வேலை.

பழைய சாரோடு பதினோரு வருஷம் இருந்தோம். அவருக்குப் பிரச்சினை காதில் விழுந்தாலே பிடிக்காது. "முடிச்சுட்டு வந்து சொல்லுபா" என்பார். நாமும் முடித்துவிட்டுத்தான் சொல்வோம். அந்தப் பழக்கத்தோடு புது மேடத்திடம் போய் நின்றதில்தான் எனக்கு அடி விழுந்தது.

அந்த ராணிப்பேட்டைக் கன்டெய்னர் பெட்டி ஞாபகம் இருக்கிறதா? புதன்கிழமை, பெட்டி துறைமுகத்துக்குள் நுழைய வேண்டிய கேட் கட்-ஆஃப் மாலை 6 மணி. டிரெய்லர் விடியற்காலையில் கிளம்பி மதியம் 1 மணிக்கு மணலி தாண்டிவிட்டது. அதற்கப்புறம் எண்ணூர் நெடுஞ்சாலை வரிசை. அந்த வரிசையை நம்ம பக்கத்து ஆட்களுக்கு விவரிக்க வேண்டுமா? மூன்று மணிக்கு டிரைவர் போன் பண்ணி, வண்டி ஒரு மணி நேரமாக நின்ற இடத்திலேயே நிற்கிறது என்றார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, 6 மணிக்குள் துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்குள் நுழைய முடியாது என்று. ஆனாலும் நான் மேடத்திடம் சொல்லவில்லை. எப்படியாவது முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று இரண்டரை மணி நேரம் டிரைவருக்கும் டிரான்ஸ்போர்ட்காரருக்கும் போன் போட்டுக்கொண்டிருந்தேன். ஐந்தே காலுக்குச் சரக்கு அனுப்புகிற பார்ட்டி நேராக மேடத்தைக் கூப்பிட்டு, "எங்க பெட்டி எங்கே மேடம்?" என்று கேட்டுவிட்டார். அவருக்கு ஒன்றும் தெரியாது. நான் அவர் அறைக்குள் போனபோது மணி 5.40.

பெட்டி ஷட் அவுட், அந்தக் கப்பலில் ஏறவில்லை. அடுத்த கப்பல் ஏழு நாள் கழித்து. மேடம் கத்தவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "மூணு மணிக்கு உங்களுக்குத் தெரிஞ்சது, மூணு மணிக்கு எனக்கு ஏன் தெரியல?"

என்னிடம் பதில் இல்லை. மூன்று மணிக்கே சொல்லியிருந்தால் அவர் கப்பல் லைனிடம் பேசி, கட்-ஆஃபை இரண்டு மணி நேரம் தள்ளித்தரக் கேட்டிருக்கலாம். கொடுத்திருப்பார்களா என்பது வேறு விஷயம், சில நேரம் கொடுப்பார்கள். 5.40-க்குக் கேட்க ஒன்றுமில்லை. டிராஃபிக் என் தப்பு இல்லை. மேடத்தை ஒரு பார்ட்டி முன்னால் விவரம் தெரியாதவராக நிற்க வைத்தது என் தப்பு.

மறுநாள் காலை நானே போய்க் கேட்டேன். எதற்குப் போன் பண்ணலாம், எதற்கு மெசேஜ் போதும், எவ்வளவு ரூபாய் வரை நானே முடிவெடுக்கலாம், பத்து நிமிஷப் பேச்சு. கப்பல் தவறும் என்றாலோ பணம் போகும் என்றாலோ போன், மற்றது மெசேஜ், பத்தாயிரம் வரை நானே முடிவெடுத்துவிட்டு அப்புறம் சொன்னால் போதும் என்றார். இதைக் கேட்பதற்கா கூச்சம்?

ஆனால் கேட்டால் மட்டும் போதாது. யாருக்கும் தன் பழக்கம் முழுசாகத் தெரியாது. "எப்ப வேணும்னாலும் மெசேஜ் பண்ணுங்க" என்று சொன்னவர், காலையில் அனுப்பியதை மதியம்தான் பார்த்தார். அதனால் இரண்டு வாரம் நோட்டுப் புத்தகத்தில் குறித்துவைத்தேன். எதற்கு உடனே பதில் வந்தது, எதற்கு வரவில்லை, திருப்பி என்ன கேட்டார் என்று. பத்தில் ஏழு தடவை திருப்பிக் கேட்டது ஒன்றேதான்: "பார்ட்டிக்குச் சொல்லியாச்சா?" சரி, அப்படியானால் அது என் மெசேஜிலேயே இருக்க வேண்டியது. வாய்ஸ் மெசேஜை அவர் திறப்பதே இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

போன மாதம் அதே பார்ட்டியின் இன்னொரு பெட்டி அதே சாலையில் நின்றது. நான் 3.15-க்கு அனுப்பிய செய்தி இது: "ராணிப்பேட்டைப் பெட்டி, கட்-ஆஃப் இன்று 6 மணி. வண்டி எண்ணூர் ரோட்டில் நிற்கிறது, 6-க்குள் நுழைவது சந்தேகம். பார்ட்டிக்கு 3.10-க்குச் சொல்லிவிட்டேன். லைனிடம் இரண்டு மணி நேரம் கேட்க உங்கள் மெயில் வேண்டும், 3.45-க்குள். டிராஃப்ட் அனுப்பியிருக்கிறேன்." மேடம் ஒரு வார்த்தை மாற்றாமல் மெயிலை அனுப்பினார். பெட்டி 7.20-க்கு உள்ளே போனது. இதில் புகழ்ச்சி எந்த வரியில் இருக்கிறது? காட்டுங்கள்.

"அவங்கதானே புதுசு, அவங்க நம்ம வழிக்கு வரட்டும்" என்று ஒருவர் எழுதியிருந்தார். நியாயம்தான், அவரும் நம்மைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் அவர் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் பதினான்கு பேர், நாம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒருவரை. "இப்படியே போனா எதுக்கெடுத்தாலும் அவங்களைக் கேட்கணும்" என்பதும் தப்பு. முன்பு ஒரு நாளைக்கு எட்டு தடவை கூப்பிட்டவர் இப்போது இரண்டு தடவைதான் கூப்பிடுகிறார். எல்லா மேலதிகாரிக்கும் இது பலிக்காது, ஒத்துக்கொள்கிறேன். சரக்கின் விவரத்தையே மாற்றி எழுதச் சொல்கிற ஆளிடமோ, நாலு பேர் நடுவில் அவமானப்படுத்துகிற ஆளிடமோ நாலு மணி மெசேஜ் ஒன்றும் செய்யாது. அங்கே செய்ய வேண்டியது வேறு. மேடம் அந்த ரகம் இல்லை.

"பொம்பளை மேனேஜர்னா இப்படித்தான்" என்று எழுதியவருக்குப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

எனக்கு வலிப்பது வேறு. தண்டையார்பேட்டையிலிருந்து வந்து நம்மோடு மூன்று மாதம் இருந்துவிட்டு வேலையை விட்டுப்போன அந்தப் பையனை நினைத்துப்பாருங்கள். தினமும் மேடத்திடம் திட்டு வாங்கினான். அவன் எல்லாவற்றையும் வாய்ஸ் மெசேஜில்தான் அனுப்பினான். மேடம் அதைக் கேட்பதில்லை என்று நான் உட்பட ஒருத்தரும் அவனிடம் சொல்லவில்லை. கடைசி நாள் டீக்கடையில், "நான் சொன்னதே இல்லன்றாங்கண்ணா" என்று கண்கலங்கினான். எனக்கு அப்போது விஷயம் தெரியும். சொன்னால் சொம்பு என்பீர்கள் என்று வாயை மூடிக்கொண்டேன். அது இன்னமும் உறுத்துகிறது.

பதினோரு வருஷம் ஒரே டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்ட நண்பா, நீ நேராக என்னிடம் வந்து கேட்டிருக்கலாம். நீ லீவில் இருந்த திங்கட்கிழமை உன் பார்ட்டியின் பெட்டி, துறைமுகத்துக்குள் விடத் தேவையான ஃபார்ம் 13 வராமல் நின்றது. அது என் நாலு மணி மெசேஜில் மூன்றாவது வரி. மேடம் போன் போட்டு அரை மணியில் வாங்கிக்கொடுத்தார். உன்னை ஒருத்தரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.