கிட்டார் உடைவது பெட்டிக்குள்ளேதான்

இரண்டு வாரமாக ஒரே கேள்வி இன்பாக்ஸில் வந்துகொண்டே இருக்கிறது. என்னிடம் கிட்டார் படித்த பிள்ளைகள் வேலைக்கும் படிப்புக்கும் வெளியூர் கிளம்புகிறார்கள். "சார், கிட்டாரை ஃப்ளைட்டில் எப்படிக் கொண்டுபோவது?" கூடவே அவர்களே ஒரு பதிலும் சொல்லிக்கொள்கிறார்கள்: நல்ல கேஸ் வாங்கி ஃபிராஜைல் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் போதும்தானே? போதாது. 2019-ல் நானும் அப்படித்தான் நினைத்தேன், என் கிட்டார் தலை முறிந்து வந்தது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

குன்னூரிலிருந்து இறங்கி கோயம்புத்தூரில் விமானம் ஏறினேன். பஞ்சு வைத்த நல்ல தடிமனான பையில்தான் கிட்டார் இருந்தது. கவுன்ட்டரில் உள்ளே எடுத்துப்போக முடியாது, லக்கேஜில்தான் போட வேண்டும் என்றார்கள். ஒரு சின்ன அட்டையை நீட்டி கையெழுத்து கேட்டார்கள், படிக்காமல் போட்டேன். இறங்கிய ஊரில் பெல்ட்டில் வந்த பையில் ஒரு கீறல்கூட இல்லை. நிம்மதியாக வீட்டுக்குப் போய்த் திறந்தால், கழுத்தும் தலையும் சேரும் இடத்தில் ஸ்ட்ரிங் படியும் சின்னக் கட்டையான நட்டுக்குப் பின்னால் தலை தனியாக மடங்கி, ஸ்ட்ரிங் மட்டும்தான் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. பதினோரு வருடம் வாசித்த கிட்டார் அது.

பையில் கீறலே இல்லாமல் கிட்டார் எப்படி முறியும்? அன்று புரியவில்லை. அப்புறம் ரிப்பேர் செய்பவரிடம் கொண்டுபோனபோதுதான் அவர் மேஜையில் வைத்துக் காட்டினார்.

அக்கூஸ்டிக் கிட்டாரின் தலைப்பகுதி கழுத்தோடு நேர்கோட்டில் இருக்காது, பெரும்பாலும் பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும். ஒரே மரத்துண்டில் அந்தச் சாய்வை வெட்டும்போது மரத்தின் நார் அந்த இடத்தில் நீளமாக ஓடாமல் குட்டையாக அறுந்துபோகிறது. அதே இடத்தில் கழுத்தை நிமிர்த்தும் கம்பிக்கு ஒரு குழியும் தோண்டியிருப்பார்கள் என்றால், மொத்தக் கிட்டாரிலும் மெல்லிய இடம் அதுதான். தலையிலோ ஸ்ட்ரிங்கை முறுக்கும் ஆறு இரும்புக் கீகள் கனத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. சாதாரண லைட் செட் இரும்பு ஸ்ட்ரிங் ஆறும் சேர்ந்து எழுபது கிலோவுக்கு மேல் இழுத்துக்கொண்டே இருக்கின்றன. இப்போது கேஸ் மல்லாக்காக ஒரு முறை 'தொப்' என்று விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உடம்பு கேஸோடு சேர்ந்து நின்றுவிடும், அந்தரத்தில் இருக்கும் தலை மட்டும் நிற்காமல் பின்னால் வீசும். ஸ்ட்ரிங் இழுவை ஏற்கெனவே அந்த இடத்தை விறைப்பாக வைத்திருக்கிறது. அங்கேயே முறிகிறது. வெளியே அடி பட வேண்டிய அவசியமே இல்லை.

நிறைய பேர் விமானத்தின் காற்றழுத்தம்தான் உடைக்கிறது என்று நம்புகிறார்கள். நம் ஊர்க்காரர்கள் இதை நம்பவே கூடாது. பயணிகள் விமானத்தில் உள்ளே இருக்கும் அழுத்தம் அதிகபட்சம் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் அளவுக்குத்தான் குறையும். லக்கேஜ் வைக்கும் கீழ்த்தளமும் அதே அழுத்தத்தில்தான் இருக்கிறது. ஊட்டியே 2,240 மீட்டர். அங்கே சுவரில் மாட்டிய கிட்டார்கள் வருடக்கணக்காகக் கிட்டத்தட்ட அந்த அழுத்தத்தில்தான் தூங்குகின்றன. முறிப்பது விழுதல், வீச்சு, இழுவை, இந்த மூன்றும்தான்.

போன டிசம்பரில் அண்ணன் மகள் டெல்லிக்குக் கிளம்பினாள். இந்த முறை நாங்கள் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் உள்ளே எடுத்துப்போக வழி இருக்கிறதா என்று பார்த்தோம். நம் நாட்டில் எகானமி வகுப்பில் பொதுவாக ஒரு பை, ஏழு கிலோ, நீளம் 55 சென்டிமீட்டர். கிட்டார் ஒரு மீட்டருக்கு மேல். எடை பிரச்சினை இல்லை, நீளம்தான் பிரச்சினை. சில சமயம் பணியாளர்கள் மனது வைத்து விடுவார்கள், ஆனால் அது அன்றைய கூட்டத்தையும் அந்த விமானத்தையும் பொறுத்தது, ஏடிஆர் மாதிரி சின்ன விமானமாக இருந்தால் மேலே இருக்கும் பெட்டியில் அது நுழையவே நுழையாது. கிட்டாருக்கென்று தனி இருக்கை வாங்கலாம், பல நிறுவனங்கள் அனுமதிக்கின்றன, முன்கூட்டியே சொல்லி ஜன்னலோர இருக்கையில் பெல்ட் போட்டுக் கட்ட வேண்டும். வீணை, செல்லோ கொண்டுபோகிறவர்களுக்கு நான் அதையே சொல்வேன். இவள் கிட்டாரின் விலைக்கு அது கட்டுப்படியாகாது. ஆகவே லக்கேஜ்தான் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டோம். "சித்தப்பா, கவுன்ட்டரில் கெஞ்சிப் பார்க்கலாமே" என்றாள். வேண்டாம் என்றேன். கெஞ்சலாம் என்று நம்பிப் பஞ்சுப் பையில் கொண்டுபோகிறவர்களின் கிட்டார்தான் கடைசி நிமிடத்தில் அதே பையோடு கீழே போகிறது. எனக்கு நடந்தது அதுதான்.

பிளைவுட் ஹார்டு கேஸ் வாங்கினோம். கிட்டாரோடு சேர்த்து ஏழு கிலோ வந்தது, பதினைந்து கிலோ கணக்கில் பாதி போச்சு. நீளம் அகலம் உயரம் மூன்றையும் கூட்டினால் 168 சென்டிமீட்டர். பல நிறுவனங்கள் சாதாரண லக்கேஜுக்கு வைத்திருக்கும் எல்லை 158. அதனால் டிக்கெட் போட்ட கையோடு நிறுவனத்துக்கு அளவையும் எடையையும் எழுதி மின்னஞ்சல் அனுப்பி, ஏற்றுக்கொள்கிறோம் என்ற பதிலை வாங்கி வைத்துக்கொண்டாள். கவுன்ட்டரில் அந்தப் பதில் நிஜமாகவே உதவியது.

அடுத்து ஸ்ட்ரிங். கழற்ற வேண்டாம், தளர்த்தினால் போதும். ஆனால் எவ்வளவு? சுருதி இறங்க இறங்க, இழுவை அதன் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். ஒரு முழு சுரம் இறக்கினால் ஐந்தில் ஒரு பங்குதான் குறைகிறது. ஐந்து அரைசுரம், அதாவது தடித்த ஈ ஸ்ட்ரிங் கீழே உள்ள பி-யில் ஒலிக்கும் வரை இறக்கினால் கிட்டத்தட்ட பாதி இழுவை போய்விடும். ஆறையும் அந்த அளவுக்கு இறக்கினோம்.

இனி முக்கியமான வேலை. கேஸைத் திறந்து பாருங்கள், கழுத்தின் நடுவில் தாங்க ஒரு மேடை இருக்கும், அதற்கு அப்பால் தலை அந்தரத்தில்தான் கிடக்கும். விலை உயர்ந்த கேஸிலும் பல சமயம் இப்படித்தான். நட்டுக்கு நேர் கீழே, கழுத்தின் அடியில் ஒரு துண்டை மடித்துத் தாங்கல் கொடுத்தோம். தலையின் பின்புறம் அவளுடைய கம்பளிச் சால்வை, முன்புறம் இன்னொரு பருத்தித் துண்டு. பின்னால் அடைத்துவிட்டு முன்னால் விட்டுவிட்டால் கேஸ் குப்புற விழும்போது தலை முன்பக்கம் வீசும், ஆகவே இரண்டு பக்கமும் வேண்டும். அழுத்தித் திணிக்கவும் கூடாது. மூடியை ஒரு விரலால் அழுத்தினால் கொக்கி மாட்ட வேண்டும். உள்ளங்கையால் அமுக்க வேண்டியிருந்தால் ஒரு மடிப்பை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் நாமே கழுத்தை வளைத்து அனுப்புகிறோம் என்று அர்த்தம்.

இன்னொன்றைப் பலர் மறந்துவிடுவார்கள். தலையின் நுனிக்கும் கேஸின் முனைக்கும் நடுவில் இடைவெளி இருக்க வேண்டும். பெட்டி தலைகீழாக நிறுத்தப்பட்டால் முழு எடையும் தலை நுனியில் இறங்கக் கூடாது, உடம்பின் தோள்பகுதிதான் தாங்க வேண்டும். அதற்காகத் தோள்களைச் சுற்றி கசக்கிய செய்தித்தாளை இறுக்கமாக வைத்தோம். கிட்டாரின் அடியில் தோள் பெல்ட் மாட்டும் பட்டனைக் கழற்றிப் பைக்குள் போட்டோம். அப்புறம் மூடி, கேஸை மெதுவாக இரண்டு பக்கமும் ஆட்டிப் பார்த்தோம். 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது. திறந்து இடுப்புப் பகுதியில் இன்னும் இரண்டு தாள். மறுபடி ஆட்டினோம், சத்தமே இல்லை.

கீழே இறங்கும்போது ஒரு எச்சரிக்கை. மேட்டுப்பாளையத்தில் சாப்பிட நிறுத்தினால் கிட்டாரை வெயிலில் நிற்கும் கார் டிக்கியில் விட்டுப் போகாதீர்கள். மூடிய காரின் சூட்டில் மரப்பசை இளகி, உடம்பின் மேல் ஸ்ட்ரிங்கைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் பெயர்ந்து வந்ததை நான் பார்த்திருக்கிறேன். மலைக் குளிரில் வளர்ந்த கிட்டாருக்கு விமானத்தைவிட அந்த அரை மணி நேரம் ஆபத்து.

கவுன்ட்டரில் என்ன செய்தாள் என்றால், திறந்த கேஸ், தலையின் பின்புறம், முழுக் கிட்டார் என்று மூன்று படம் அங்கேயே எடுத்துக்கொண்டாள். சாதாரண பெல்ட்டில் போடாமல் பெரிய சாமான்களுக்கான இடத்தில் கையால் வாங்கிக்கொள்ளும்படி கேட்டாள். நான் படிக்காமல் கையெழுத்துப் போட்ட அந்த அட்டை இருக்கிறதே, அதன் பெயர் லிமிடெட் ரிலீஸ் டேக். பேக்கிங் போதாது, உடைந்தால் பொறுப்பு எங்களுடையது அல்ல என்று அதில் இருக்கும். பஞ்சுப் பைக்கு அதைக் கொடுக்காமல் விடமாட்டார்கள். ஹார்டு கேஸ் என்றால் ஏன் வேண்டும் என்று கேட்கலாம். இவள் கேட்டாள், எடுத்துவிட்டார்கள்.

இறங்கியதும் பெல்ட் பக்கத்திலேயே திறந்து பாருங்கள். நான் வீட்டுக்குப் போய்த் திறந்ததுதான் என் பெரிய தவறு. நட்டுக்குப் பின்னால் போன் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்தால் முடி மாதிரி ஒரு கோடு இருந்தால் தெரியும். பாலிஷ் மட்டும் வெடித்திருக்கிறதா, மரமா என்று சந்தேகம் வந்தால் தலையை மிக லேசாக அசைத்துப் பாருங்கள். கோடு அகன்று மூடினால் மரம்தான். உடனே ஸ்ட்ரிங்கை முழுக்கத் தளர்த்திவிட்டு, வெளியே போகாமல் லக்கேஜ் கவுன்ட்டரில் பிஐஆர் என்னும் சேத அறிக்கை எழுதி நகல் வாங்குங்கள். எழுத்துப் புகாருக்கு ஏழு நாள் வரை நேரம் உண்டு, ஆனால் வாசலைத் தாண்டிய பிறகு உடைந்தது எங்கே என்ற வாதம் தொடங்கிவிடும். உள்நாட்டுப் பயணத்தில் லக்கேஜ் சேதத்துக்கு இழப்பீட்டின் உச்சம் ₹20,000. அதற்கு மேல் மதிப்புள்ள கருவி என்றால் தனியாக இன்ஷூரன்ஸ் எடுப்பதுதான் வழி.

உடைந்த இடத்தில் தயவுசெய்து வீட்டில் இருக்கும் இன்ஸ்டன்ட் பசையை ஊற்றாதீர்கள். நான் ஊற்றினேன். புதிய முறிவின் இரண்டு முகமும் அப்படியே பொருந்தும், நல்ல மரப்பசை வைத்து ஒரு நாள் கிளாம்ப் போட்டால் பழைய பலத்துக்கே வரக்கூடியது அது. இன்ஸ்டன்ட் பசை அந்த நாரெல்லாம் மூடிவிட்டது, ரிப்பேர்காரர் சுரண்டி எடுத்து ஒட்டியும் ஒரு வருடம்தான் தாங்கியது.

அண்ணன் மகள் டெல்லியில் இறங்கி பெல்ட் பக்கத்திலிருந்தே வீடியோ கால் போட்டாள். தலை அசையவில்லை, கோடு எதுவும் இல்லை. ஈரமான குன்னூரிலிருந்து காய்ந்த டெல்லிக் குளிருக்குப் போன கிட்டார் என்பதால், அறைக்குப் போய் கேஸை மூடியே நான்கு மணி நேரம் வைத்துவிட்டு, அன்று பாதி, மறுநாள் மீதி என்று ஸ்ட்ரிங்கை ஏற்றச் சொன்னேன். ஜனவரியில் திரும்பும்போது பேக் செய்த கேஸைப் படம் எடுத்து அனுப்பினாள். தலைக்குப் பின்னால் வெறுமையாக இருந்தது. சால்வை எங்கே என்று கேட்டால், குளிருக்குப் போர்த்திக்கொண்டிருக்கிறாள். அப்படியானால் குளியல் துண்டைச் சுருட்டி வை என்றேன், வைத்துவிட்டு ஆட்டிக் காட்டினாள்.