முதலாண்டு மாணவனைத் தனியே தங்க வையுங்கள்

2023 ஆகஸ்ட் 9 இரவு, கொல்கத்தா ஜாதவ்பூர் பல்கலைக்கழக விடுதியின் பால்கனியிலிருந்து விழுந்த முதலாண்டு மாணவன் மறுநாள் இறந்துபோனான். சேர்ந்து சில நாள்கள்தான் ஆகியிருந்தன. அவன் பெயரில் விடுதியில் இடமே ஒதுக்கப்படவில்லை. மூத்த மாணவர் ஒருவரின் அறையில் விருந்தாளியாகத் தங்கியிருந்தான். ராகிங் வழக்கில் கைதானவர்களில், படிப்பு முடிந்தும் விடுதியைக் காலி செய்யாதவர்களும் இருந்தார்கள்.

எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். முதலாண்டு மாணவர்களை முடிந்தவரை தனி பிளாக்கில் தங்க வைக்க வேண்டும், இல்லையென்றால் அங்கே சீனியர்கள் போய்வருவதைக் கண்காணிக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2009இலேயே விதி செய்துவிட்டது. அந்த விதி நடைமுறையில் இருந்திருந்தால், அந்தப் பையன் அந்த அறைக்குள் போயிருக்கவே மாட்டான்.

நம் ஊருக்கு இது புதிதல்ல. 1996இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பிறகுதான் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு. ஆனால் சட்டம் வேலை செய்ய யாராவது புகார் கொடுக்க வேண்டும். ஒரே மாடியில், ஒரே குளியலறை வரிசையில், அடித்தவனோடு இன்னும் மூன்று ஆண்டுகள் வாழ வேண்டியவன் எப்படிப் புகார் கொடுப்பான்?

'அறிமுகம்' என்ற பெயரில் நடப்பதைப் பாருங்கள். நள்ளிரவில் கதவைத் தட்டி எழுப்புவார்கள். பெயர், ஊர், அப்பாவின் தொழில் எல்லாவற்றையும் தலை குனிந்து, அவர்கள் சொல்லும் வரிசையில் ஒப்பிக்க வேண்டும். ஒரு சொல் தவறினால் முதலிலிருந்து. விடியும்வரை இது நடந்தால் காலை வகுப்பில் கண் சொருகும். சீனியர்களின் பார்வையில் படாமலிருக்க மெஸ்ஸுக்குப் போவதை நிறுத்துவான். வெள்ளிக்கிழமை ஆனால் ஊருக்கு ஓடுவான். வீட்டில் கேட்டால் எரிந்து விழுவான். அடியைவிட ஆழமாக இறங்குவது அவமானம். அத்தனை பேர் முன்னால் தானே பணிந்துபோனோம் என்ற நினைப்பு அவன் வாயை அடைத்துவிடுகிறது. அந்த அவமானத்தை அடுத்த ஆண்டு புதிதாக வருபவன் மேல் இறக்கிவைப்பவர்களும் உண்டு. இதைத்தான் பல கல்லூரிகள் 'மரபு' என்று சொல்லிக் கண்டுகொள்ளாமல் விடுகின்றன.

அதனால், பாதிக்கப்பட்டவன் வாய் திறக்கட்டும் என்று காத்திருக்கும் ஏற்பாடு எதுவும் பயன்படாது. சேர்க்கையின்போது எல்லோரிடமும் வாங்கும் உறுதிமொழிப் பத்திரம் கோப்பில் தூங்குகிறது. முதல் மூன்று மாதங்கள், பதினைந்து நாளுக்கு ஒருமுறை பெயர் எழுதாத கருத்துக்கணிப்பு நடத்தச் சொல்கிறது மானியக் குழுவின் அதே 2009 விதி. உண்மையை வெளியே கொண்டுவரக்கூடியது அதுதான். எல்லோரும் ஒரே தாளை நிரப்பும்போது, சொன்னவன் யார் என்று யாருக்கும் தெரியாது. தாள்களைப் பிரிப்பவர் அந்த விடுதியின் வார்டனாக இருக்கக் கூடாது என்பேன். தன் விடுதியின் பெயர் கெடும் என்று அவர் மறைக்க வாய்ப்பிருக்கிறது.

பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோர், கட்டணம் கட்டும் முன் கேளுங்கள்: முதலாண்டுக்குத் தனி பிளாக் இருக்கிறதா? வார்டன் இரவில் அங்கேயே தங்குகிறாரா? படிப்பு முடித்தவர்கள் யாராவது இன்னும் விடுதியில் இருக்கிறார்களா? மழுப்பினால் வேறு கல்லூரி பாருங்கள். தேசிய உதவி எண் 1800-180-5522, எந்நேரமும் அழைக்கலாம். பிள்ளைக்காக நீங்களே அழையுங்கள்.