டிரெட்மில் டெஸ்ட் நார்மல் என்றால் ஓடலாமா?

நாற்பதைத் தாண்டிய ஒருவர் மாரத்தானில் ஓடும்போதோ கால்பந்து ஆடும்போதோ சுருண்டு விழுந்து இறந்தார் என்று செய்தி வந்தால், கீழே ஒரு கமென்ட் தவறாமல் வரும்: "டிரெட்மில் டெஸ்ட் நார்மல்னுதானே சொன்னாங்க!" மெஷின் மேல் நடக்கவும் ஓடவும் வைத்து ஈசிஜி எடுக்கும் அந்த டெஸ்டின் ரிப்போர்ட்டை நாம் அளவுக்கு மீறி நம்புகிறோம் என்பது என் கருத்து.

விழுகிற எல்லோருக்கும் இதயக் கோளாறு இல்லை. எல்லைக்கோட்டைத் தாண்டி சட்டென்று நின்றதும் சரிபவர்களில் பலருக்கு, ரத்தம் கால்களில் தேங்கி அழுத்தம் இறங்கியிருக்கும். படுக்கவைத்துக் காலை உயர்த்தினால் தெளிந்துவிடுவார்கள். வெப்பம் தாக்கியவர் பெரும்பாலும் விழும் முன்பே தள்ளாடுவார், உளறுவார். ஓடிக்கொண்டிருக்கும்போதே, கையைக்கூட ஊன்றாமல் விழுந்து பேச்சுமூச்சில்லாமல் கிடப்பவருக்கு இதயம் நின்றுவிட்டது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இளைஞர்களுக்கு இது நடந்தால் பிறவியிலேயே வந்த இதயத் தசைக் கோளாறோ மின்னோட்டக் கோளாறோ இருக்கலாம். 35 வயதுக்கு மேல் முதல் சந்தேகம் இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் படிந்த கொழுப்பின் மேல்தான். அது இரண்டு வழியில் ஆளைச் சாய்க்கும். ஏற்கெனவே குறுகிய குழாயால் கடைசி வேகத்துக்குத் தேவையான ரத்தத்தைக் கொடுக்க முடியாமல் இதயத்துடிப்பு தாறுமாறாகிவிடலாம். அல்லது பெரிதாக அடைக்காத ஒரு படிவு திடீரென்று வெடித்து, அதன் மேல் ரத்தம் உறைந்துவிடலாம்.

இதில் டிரெட்மில் டெஸ்ட் எதைப் பிடிக்கும்? குழாய் ஏறக்குறைய 70 சதவீதம் குறுகி, ரத்த ஓட்டம் தடைப்பட்டால்தான் ஈசிஜியில் மாற்றம் தெரிய வாய்ப்பு அதிகம். 40 சதவீதப் படிவு இன்று நார்மல் என்றே காட்டும். நாளைக்கு அதுவே வெடிக்கலாம். இன்னொன்று, வயதுக்கேற்ற உச்சத் துடிப்பில் 85 சதவீதத்தைத் தொட்டதும் பல இடங்களில் டெஸ்டை நிறுத்திவிடுவார்கள். பத்து நிமிடச் சோதனையை வைத்து நான்கு மணி நேர ஓட்டத்துக்கு அனுமதி வாங்கியதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். மாரத்தானில் இதயம் நிற்பது பெரும்பாலும் கடைசிக் கால்பங்கு தூரத்தில்தான் என்று அமெரிக்க ஆய்வு ஒன்று 2012இல் சொன்னது.

ஜிம் ஃபிக்ஸ் கதை தெரிந்திருக்கலாம். அமெரிக்காவில் ஓட்டத்தைப் பரப்பியவர்களில் ஒருவர். 35 வயது வாக்கில் ஓடத் தொடங்கி, சிகரெட்டை விட்டு, எடையைக் குறைத்தவர். 1984இல், 52 வயதில், ஓடப் போன இடத்திலேயே இறந்தார். பிரேதப் பரிசோதனையில் முக்கியக் குழாய்கள் மூன்றுமே குறுகியிருந்தன. அதில் ஒன்று கிட்டத்தட்ட முழுதாக அடைத்திருந்தது. ஓட்டம்தான் கொன்றது என்று அன்று பலர் கேலி பேசினார்கள். ஆனால் அவருடைய அப்பாவுக்கு 35 வயதிலேயே மாரடைப்பு வந்து, 43இல் இறந்துபோனார். மகனின் ஆபத்தை எந்த மெஷினும் இல்லாமல் அந்த ஒரு தகவலே சொல்லியிருக்கும்.

அதனால்தான் டெஸ்டுக்கு முன்னால் கேள்விகள் வேண்டும் என்கிறேன். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்குள், அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ 65க்குள் மாரடைப்பு வந்ததா? மேடு ஏறும்போது நெஞ்சிலோ தொண்டையிலோ தாடையிலோ இறுக்கம் வந்து, நின்றால் போய்விடுகிறதா? (இதைத்தான் "கேஸ்" என்று சொல்லித் தள்ளிவிடுகிறோம்.) ஓடும்போது மயக்கம் வந்ததுண்டா? பழகிய தூரத்துக்கே இப்போது மூச்சு வாங்குகிறதா? ஒன்றுக்கு "ஆமாம்" என்றாலும் ஷூவைக் கழற்றிவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும்.

அப்புறம் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, ஒரு ஈசிஜி. தொல்லை எதுவும் இல்லாமல், ஆனால் சர்க்கரை, புகை, குடும்ப வரலாறு என்று ஏதாவது இருந்தால், குழாயில் படிந்த சுண்ணாம்பை அளக்கும் சிடி ஸ்கேன் உதவுமா என்று டாக்டரிடம் கேட்கலாம். குழாய் குறுகும் முன்பே படிவு இருப்பதை அது காட்டும். சுண்ணாம்பு சேராத புதுப் படிவு அதற்கும் தப்பிவிடும்.

வாரம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் கால்பந்து ஆடுபவர்களைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் கவலை. கடும் உழைப்பின்போது மாரடைப்பு வருவது பற்றி 1993இல் வெளியான ஓர் ஆய்வில், வாரம் ஐந்து நாள் பயிற்சி செய்பவர்களுக்கு அந்த நேரத்து ஆபத்து, சும்மா இருக்கும் நேரத்தைவிட இரண்டரை மடங்குதான் கூடியது. பழக்கமே இல்லாதவர்களுக்கு நூறு மடங்குக்கும் மேல். கால்பந்தில் நினைத்த நேரத்தில் வேகத்தைக் குறைக்கவும் முடியாது, பந்து வந்தால் பாய்ந்தாக வேண்டும். முதலில் சில மாதம் வேக நடை, மெல்லோட்டம், அதற்குப் பிறகு ஆட்டம். காய்ச்சல் இருக்கும் வாரத்தில் ஓட்டம், ஆட்டம் இரண்டுமே வேண்டாம், வைரஸ் இதயத் தசையையும் தாக்கலாம்.

டீம் வாட்ஸ்அப் குரூப்பில் ஜெர்சி கலர் பேசும்போது இதையும் கேட்டுவையுங்கள்: மைதானத்தில், நின்ற இதயத்துக்கு மின்அதிர்ச்சி கொடுக்கும் ஏஇடி கருவி எங்கே இருக்கிறது, நெஞ்சை அழுத்தத் தெரிந்தவர் யார்? விழுந்தவர் விட்டுவிட்டு இழுக்கும் மூச்சைப் பார்த்து "உயிர் இருக்கு, தண்ணி குடுங்க" என்று நிற்கக் கூடாது, அது மூச்சே அல்ல. ஒருவர் ஆம்புலன்ஸைக் கூப்பிட, இன்னொருவர் நடுநெஞ்சில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, ஏஇடி வந்து சேரும்வரை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.