டிஸ்க் கையில், நெட் எங்கே?

டிஸ்க் டிரைவ் இல்லாத PS5 கேம் கன்சோலை வாங்கிவிட்டு, அப்புறமாக டிரைவைத் தனியாக வாங்கினேன், நெட் இல்லாத நேரத்திலும் டிஸ்க்கைப் போட்டு விளையாடலாமே என்றுதான். பக்கவாட்டு மூடியைக் கழற்றி டிரைவைச் செருக இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஆன் செய்தால், டிரைவை இந்தக் கன்சோலோடு இணைக்க இன்டர்நெட் வேண்டுமாம்! அன்றைக்குப் பார்த்து வீட்டில் நெட் இல்லை, டிஸ்க்கை உள்ளே தள்ளினாலும் பயனில்லை. கடைசியில் போன் ஹாட்ஸ்பாட்டைப் போட்டதும் நொடியில் முடிந்தது. சரி, இது ஒரே ஒரு முறைதான், அதன்பிறகு நெட்டைத் துண்டித்துவிட்டே டிஸ்க்கில் விளையாடுகிறேன். ஆனால் இதே டிரைவைக் கழற்றி வேறு கன்சோலில் மாட்டினால் மறுபடியும் நெட் கேட்கும். காசு கொடுத்து வாங்கிய டிரைவுக்கு எதற்கய்யா அனுமதி?