டவுன்லோடு செய்த பாட்டு ஏன் ரிங்டோன் ஆகாது?

“ஸ்பாட்டிஃபை பிரீமியத்தில் பாட்டை டவுன்லோடு பண்ணிட்டா அதையே ரிங்டோன், காலர் ட்யூன் ரெண்டுக்கும் வச்சுக்கலாம்.”

தவறு. அந்த டவுன்லோடு பூட்டிய கோப்பு. திறக்கும் சாவி ஸ்பாட்டிஃபை செயலியிடம் மட்டுமே உண்டு. 30 நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தில் இணையாவிட்டால் அது அங்கேயே ஒலிக்காது. ரிங்டோனுக்கோ போன் நேரடியாகத் திறக்கக்கூடிய சாதாரண ஆடியோ கோப்பு வேண்டும். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய எம்பி3 என்றால் தாராளமாக வைக்கலாம்.

காலர் ட்யூன் உங்கள் போனில் இருப்பதே இல்லை. அழைப்பவருக்கு டிரிங் டிரிங் சத்தத்துக்குப் பதிலாக, மொபைல் நிறுவனத்தின் சர்வர்தான் பாடுகிறது. ஜியோசாவனில் ‘ஜியோட்யூன்’ வைக்கும்போதுகூட, பாட்டு போனிலிருந்து போவதில்லை. இந்தப் பாட்டை ஒலிக்கவிடு என்ற கட்டளை மட்டுமே போகிறது. அந்தப் பாட்டு நிறுவனத்தின் சர்வரில் இருக்க வேண்டும். அதனால்தான் செயலியில் கேட்கக் கிடைக்கும் எல்லாப் பாட்டும் காலர் ட்யூனாகக் கிடைப்பதில்லை.